127 விநாடி எங்கிருந்து வந்தது?

லினக்ஸ் கணினி ஒன்று கைவசம் இருந்தால் இந்தக் கட்டளையை அடித்துப் பார்க்கலாம்.

```
time curl http://192.0.2.1/
```

192.0.2.1 என்ற முகவரியில் எந்தக் கணினியும் இல்லை. புத்தகங்களிலும் கையேடுகளிலும் எடுத்துக்காட்டாக எழுதுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட முகவரி அது. சில அலுவலக வலையமைப்புகள் அப்படி ஒரு வழியே இல்லை என்று உடனே சொல்லிவிடும். மற்ற இடங்களில் திரை அப்படியே நிற்கும். பத்து விநாடி, முப்பது விநாடி, ஒரு நிமிடம் என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் இணைக்க முடியவில்லை என்று செய்தி வரும்போது இரண்டு நிமிடம் தாண்டியிருக்கும். 2023-க்கு முந்தைய லினக்ஸ் கர்னல்களில் கணக்குப்படி அந்த நேரம் 127 விநாடி. கர்னலின் டைமர்கள் கொஞ்சம் பிந்தி எழுவதால் கடிகாரத்தில் சில விநாடிகள் கூடுதலாகத் தெரியலாம்.

இரண்டு நிமிடம் என்று முழுசாக வைக்காமல் 127 என்று ஏன் வைத்தார்கள்? யாரும் அப்படி வைக்கவில்லை. லினக்ஸின் அமைப்புகளில் எங்கே தேடினாலும் 127 என்ற எண் இதற்காக எழுதப்பட்டிருக்காது. எழுதப்பட்டிருப்பது `tcp_syn_retries` என்ற அமைப்பில் 6 என்ற எண் மட்டுமே. ஆறு முறை மறுபடி முயல வேண்டும் என்பது அதன் பொருள். ஆறு எப்படி 127 ஆகிறது என்பதை ஒருமுறை கையால் கூட்டிப் பார்த்துவிட்டால், சர்வர்களோடு பேசும் நிரல் எழுதுகிறவர்கள் அடிக்கடி தடுமாறும் கணக்கு ஒன்று தெளிவாகிவிடும்.

ஒரு கணினி இன்னொன்றோடு டி.சி.பி. முறையில் பேசத் தொடங்கும்போது முதலில் ஒரு சிறு பாக்கெட்டை அனுப்புகிறது. அதற்கு சின் பாக்கெட் என்று பெயர். பதில் வந்தால் பேச்சு தொடங்கும். வராவிட்டால் ஒரு விநாடி காத்திருந்துவிட்டு அதே பாக்கெட்டை மறுபடி அனுப்புகிறது. இப்போதும் பதில் இல்லையென்றால் இரண்டு விநாடி காத்திருக்கும், அடுத்து நான்கு, அடுத்து எட்டு. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருப்பு இரு மடங்காகும். இந்த ஏற்பாட்டை நிரலர்கள் எக்ஸ்பொனன்ஷியல் பேக்காஃப் என்கிறார்கள்.

பாக்கெட்டுகள் கிளம்பும் நேரத்தை வரிசையாகப் பார்ப்போம். முதல் பாக்கெட் 0-ஆவது விநாடியில் போகிறது. ஆறு மறுமுயற்சிகளும் 1, 3, 7, 15, 31, 63 ஆகிய விநாடிகளில் போகின்றன. 63-இல் போனது கடைசிப் பாக்கெட். ஆனால் அது போன உடனே கர்னல் கைவிட்டுவிடாது. கடைசியாகப் போன பாக்கெட்டுக்கும் பதில் வர அவகாசம் கொடுக்க வேண்டுமல்லவா? அந்த அவகாசமும் இரு மடங்கு வரிசைப்படியே, 64 விநாடி. 63-உம் 64-உம் சேர்ந்து 127.

இந்தக் கூட்டலுக்குக் குறுக்கு வழி உண்டு. 1 + 2 + 4 + 8 + 16 + 32 + 64 என்பதைக் கூட்டும் முன் வெளியிலிருந்து ஒரு 1-ஐக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய 1-உம் முதல் 1-உம் சேர்ந்தால் 2. அதோடு வரிசையில் உள்ள 2 சேர்ந்தால் 4. அதோடு 4 சேர்ந்தால் 8. இப்படியே போனால் கடைசியில் 64-உம் 64-உம் சேர்ந்து 128. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தால் 127. ஆக, இரு மடங்காகும் வரிசையின் கூட்டுத்தொகை, வரிசையில் அடுத்து வரவேண்டிய எண்ணைவிட முதல் எண்ணின் அளவே குறைவு. சூத்திரமாக எழுதினால், முதல் காத்திருப்பு `b` விநாடி, மொத்தம் `n` காத்திருப்புகள் என்றால்:

```
T = b × (2^n − 1)
```

முதல் காத்திருப்பு 1 விநாடி என்பது பழங்காலத்திலிருந்து வந்ததல்ல. 2011-இல் ஆர்.எஃப்.சி. 6298 என்ற வரையறை வரும்வரை அது 3 விநாடியாக இருந்தது. அந்தக் காலத்து லினக்ஸில் மறுமுயற்சி ஐந்து. அதாவது ஆறு காத்திருப்புகள், 3 × 63 = 189 விநாடி. பழைய விண்டோஸில் 3 விநாடியில் தொடங்கி இரண்டே மறுமுயற்சி, மூன்று காத்திருப்புகள், 3 × 7 = 21 விநாடி. பிழைப் பதிவுகளில் 21, 127, 189 என்ற எண்கள் திரும்பத் திரும்பத் தெரிந்தால், நிரலில் யாரும் நேர வரம்பு வைக்கவில்லை, இயங்குதளத்தின் சொந்த வரம்பு வேலை செய்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

சூத்திரத்தைவிட அதன் பின்னால் உள்ள உண்மைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடைசிக் காத்திருப்பு ஒன்றே மொத்தத்தில் பாதிக்கும் மேல். 127-இல் 64 விநாடி அதற்கே போய்விடுகிறது. முந்தைய ஆறு காத்திருப்புகளும் சேர்ந்தே 63-தான். ஆகவே இரு மடங்குத் திட்டத்தில் ஒரு முயற்சியைக் கூட்டுவது சிறிய மாற்றமல்ல. மொத்த நேரமே ஏறக்குறைய இரட்டிக்கிறது. இரட்டிப்பு தடையின்றித் தொடர்ந்தால், ஆறு மறுமுயற்சியை எட்டாக்கும்போது 127 விநாடி 511 ஆகும், எட்டரை நிமிடம்.

இதே காரணத்தால், எண்ணும்போது ஒன்று தவறுவது இங்கே மிகப் பெரிய தவறாகிவிடுகிறது. “ஏழு முயற்சி” என்று ஒருவர் சொல்கிறார். ஏழு முயற்சிகளுக்கு இடையில் இருப்பது ஆறு இடைவெளிகள். கடைசி முயற்சியும் தோற்ற பிறகு காத்திருக்காமல் பிழையைத் திருப்பி அனுப்பும் நிரலில் காத்திருப்பு 63 விநாடி. கடைசி முயற்சிக்குப் பிறகும் ஒரு முறை காத்திருந்துவிட்டுக் கைவிடும் நிரலில் 127. வேறு கணக்குகளில் ஒன்று தவறினால் ஒன்றுதான் தவறும். இங்கே பாதி நேரம் தவறிவிடுகிறது. ஒரு நூலகத்தின் அமைப்பில் `retries` என்றோ `attempts` என்றோ எண்ணைப் போடும்போது, அது முதல் முயற்சியையும் சேர்த்து எண்ணுகிறதா, கடைசித் தோல்விக்குப் பின் தூங்குகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் மொத்த நேரத்தைச் சொல்ல முடியாது.

விநாடிக்கு ஒரு முறை முயன்றுகொண்டே இருந்தால் என்ன? சர்வர் சரியானவுடனே தெரிந்துவிடுமே? தெரிந்துவிடும். ஆனால் சர்வர் சரியாகுமா என்பதுதான் கேள்வி. 127 விநாடியில் இரு மடங்குத் திட்டம் அனுப்புவது ஏழு பாக்கெட். விநாடிக்கு ஒன்று என்றால் 127. பத்தாயிரம் கணினிகள் ஒரே சர்வருக்காகக் காத்திருந்தால் எழுபதாயிரத்துக்கும் பன்னிரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் உள்ள வேறுபாடு அது. மூச்சுத் திணறும் சர்வரை எழவிடாமல் செய்ய அது போதும்.

இணையம் இதை அனுபவித்தே கற்றது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. கம்பி அறுந்துபோகவில்லை. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைந்தன, தொலைந்தவற்றையும் தாமதமானவற்றையும் கணினிகள் மறுபடி மறுபடி அனுப்பின, அதனாலேயே நெரிசல் மேலும் கூடியது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரை டி.சி.பி.யின் நடத்தையையே மாற்றியது. மறுமுறை அனுப்பும்போது இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போவதை அவர் அதில் வலியுறுத்தியிருந்தார். வலையமைப்பு எப்படிப்பட்டது, அதில் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்று தெரியாத ஒரு கணினிக்கு அதுதான் வழி என்பது அவர் வாதம்.

அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. சர்வர் 32-ஆவது விநாடியில் உயிர்பெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் கணினி 31-இல் கேட்டுத் தோற்றுவிட்டது. அடுத்து கேட்கப்போவது 63-இல். சர்வர் முடங்கியிருந்தது 32 விநாடி, ஆனால் பயனர் உணரும் முடக்கம் 63. இது ஒரு பொது விதி. கடைசித் தோல்வி வரை எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவும், அதோடு முதல் காத்திருப்பின் அளவும், கூடுதலாகப் போகலாம். சிறிய முடக்கத்துக்குச் சிறிய அபராதம், பெரிய முடக்கத்துக்குப் பெரிய அபராதம். ஒரு மணி நேரம் சர்வர் படுத்துவிட்டால், அது எழுந்த பிறகும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நம் நிரல் தூங்கிக்கொண்டிருக்கலாம். இதை யாராலும் ஏற்க முடியாது. அதனால்தான் காத்திருப்புக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். இரட்டித்துக்கொண்டே போய், அந்த வரம்பைத் தொட்டதும், அதற்குமேல் ஒவ்வொரு காத்திருப்பும் வரம்பின் அளவே இருக்கும்.

உச்சவரம்பு வந்ததும் கூட்டலும் மாறுகிறது. இதற்கு லினக்ஸிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. இணைப்பு ஏற்கெனவே உண்டாகி, தரவு போய்க்கொண்டிருக்கும்போது எதிர்முனைக் கணினி திடீரென்று மறைந்துவிட்டால் என்ன ஆகும்? மின்சாரம் போய்விட்டது, அல்லது இடையில் உள்ள ஃபயர்வால் அந்த இணைப்பையே மறந்துவிட்டது. இப்போது வேலைக்கு வருவது `tcp_retries2` என்ற வேறு அமைப்பு. அதன் இயல்பு மதிப்பு 15. கர்னலின் ஆவணம் இந்த 15-க்கு 924.6 விநாடி என்ற காலத்தைச் சொல்கிறது. தசமப் புள்ளியோடு நிற்கும் இந்த விசித்திர எண்ணையும் கையாலேயே கூட்டி எடுக்கலாம்.

பதினைந்து மறுமுயற்சி என்றால் பதினாறு காத்திருப்பு. இங்கே கணக்கின் தொடக்கம் 0.2 விநாடி, உச்சவரம்பு 120 விநாடி. 0.2, 0.4, 0.8 என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது காத்திருப்பு 102.4 விநாடி. பதினொன்றாவது 204.8 ஆக வேண்டும், ஆனால் வரம்பு அதை 120-இல் நிறுத்திவிடுகிறது. எனவே முதல் பத்துக்கு நம் சூத்திரம்: 0.2 × 1023 = 204.6. மீதி ஆறு காத்திருப்புகளும் தலா 120, மொத்தம் 720. இரண்டையும் கூட்டினால் 924.6. பதினைந்தரை நிமிடத்துக்கு ஐந்து விநாடி குறைவு.

நிரலாக எழுதினால் இரண்டு கணக்குகளையும் ஒரே சிறு செயல்கூறு செய்துவிடும்.

```python
def total_wait(base, waits, cap):
    total, d = 0, base
    for _ in range(waits):
        total += min(d, cap)
        d *= 2
    return total

total_wait(1, 7, 120)      # 127
total_wait(0.2, 16, 120)   # 924.6
```

தரவுத்தள இணைப்பு மாற்றப்பட்ட பிறகும் செயலி பதினைந்து, பதினாறு நிமிடம் உறைந்துகிடந்தது, பிறகு தானாகவே சரியானது என்ற புகார் தொழில்நுட்பக் குழுக்களுக்குப் புதிதல்ல. அந்தப் பதினைந்து நிமிடம் பெரும்பாலும் இதுதான். 924.6 என்பது கீழ் எல்லை. உண்மையில் முதல் காத்திருப்பு 0.2-ஆகவே இருக்காது, அந்த இணைப்பின் வேகத்தைப் பொறுத்துச் சற்று நீளும். 924.6-ஐக் கடந்த பிறகு எழும் முதல் டைமரில்தான் கர்னல் இணைப்பைக் கைவிடுகிறது. டைமர்களுக்கு இடையே 120 விநாடி இருப்பதால், முடிவு பதினேழு நிமிடத்துக்கு அருகில்கூடப் போகலாம்.

உறைந்துகிடக்கும்போதே இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். `ss -tnoi` என்று அடித்தால் ஒவ்வொரு இணைப்பின் நிலையும் வரும். மறு அனுப்பலில் இருக்கும் இணைப்பில் `timer:(on,53sec,11)` என்பதுபோல ஒரு பகுதி இருக்கும். அடுத்த முயற்சிக்கு இன்னும் 53 விநாடி, இதுவரை பதினொரு முறை மறுபடி அனுப்பியாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பக்கத்தில் `backoff:` என்று வரும் எண், காத்திருப்பு எத்தனை முறை இரட்டித்திருக்கிறது என்பதைக் காட்டும். சில நிமிடங்கள் விட்டுவிட்டுப் பார்த்தால் பதினொன்று பன்னிரண்டாவதும், இடைவெளி 120-ஐத் தாண்டாமல் நிற்பதும் தெரியும்.

இதுவரை பார்த்தது கர்னலின் வேலை. அதற்கு மேலே நிரலர் தானே ஒரு மறுமுயற்சித் திட்டத்தை எழுதுகிறார். கணக்கு அதிகம் பிசகுவது இந்த இடத்தில்தான்.

ஒரு செயலி வேறொரு சேவையை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு முயற்சி, இடையில் 1, 2, 4 விநாடி காத்திருப்பு. எழுதியவர் கூட்டிப் பார்க்கிறார்: ஏழு விநாடி. சோதித்தும் பார்க்கிறார். தன் மடிக்கணினியில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டு ஓட்டுகிறார், சரியாக ஏழு விநாடியில் பிழை வருகிறது. திருப்தியாக அனுப்பிவிடுகிறார்.

அவர் சோதித்தது ஒரு வகைத் தோல்வியை மட்டுமே. கணினி உயிரோடிருந்து, அதில் அந்தச் சேவை மட்டும் நின்றுபோயிருந்தால், எதிர்முனை உடனே மறுப்புச் சொல்லிவிடும். `Connection refused` என்ற செய்தி ஒரு நொடிகூட எடுக்காது. ஆகவே முயற்சிகளுக்கு ஆன நேரம் பூஜ்யம், காத்திருப்பு மட்டுமே கணக்கு. ஆனால் நிஜத்தில் கணினியே போய்விடலாம், அல்லது ஃபயர்வால் பாக்கெட்டை ஓசையின்றி விழுங்கிவிடலாம். அப்போது யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் நாம் முதலில் பார்த்த 127 விநாடியைத் தின்னும். 4 × 127 = 508. அதோடு இடைவெளிகள் 7. மொத்தம் 515 விநாடி, எட்டு நிமிடம் முப்பத்தைந்து விநாடி. அதே நிரல், அதே எண்கள். மறுப்பு வந்தால் ஏழு விநாடி, மௌனம் வந்தால் எட்டரை நிமிடம். அந்த எட்டரை நிமிடமும் பயனரின் கோரிக்கை ஒன்று திறந்தபடியே நிற்கும், அடுத்தடுத்து வரும் கோரிக்கைகளும் பின்னால் குவியும்.

ஆகவே மொத்த நேரத்துக்கு உண்மையான கூட்டல், காத்திருப்புகளின் கூட்டுத்தொகை மட்டும் அல்ல. ஒவ்வொரு முயற்சியும் அதிகபட்சம் எடுக்கும் நேரத்தை முயற்சிகளின் எண்ணிக்கையால் பெருக்கி அதையும் சேர்க்க வேண்டும். முயற்சிக்கு மூன்று விநாடி என்று வரம்பு வைத்திருந்தால் மேலே சொன்ன நிரல் 4 × 3 + 7 = 19 விநாடியில் முடிந்திருக்கும். `curl` கட்டளைக்கு `--connect-timeout 3` என்று கொடுக்கலாம். ஆனால் அது இணைப்பு உண்டாகும் கட்டத்தை மட்டும் கட்டுப்படுத்தும். இணைந்த பிறகு எதிர்முனை மௌனமாகிவிட்டால் அதற்குத் தனியாக `--max-time` வேண்டும். பெரும்பாலான நூலகங்களிலும் இப்படி இரண்டு தனித்தனி வரம்புகள் இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை மறந்தவர்கள்தான் பதினைந்து நிமிட உறைவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மௌனத்தைச் சோதிப்பது கடினமும் அல்ல. சேவையை நிறுத்துவதற்குப் பதிலாக, சோதனைக் கணினியில் அதற்கு வரும் பாக்கெட்டுகளை விழுங்கச் சொன்னால் போதும்.

```
iptables -A INPUT -p tcp --dport 8080 -j DROP
```

முடிந்ததும் `-A` என்ற இடத்தில் `-D` போட்டு அதே வரியை ஓட்டினால் விதி நீங்கிவிடும்.

இனி கணக்கைத் தலைகீழாகப் போடலாம். பெரும்பாலும் நமக்குத் தேவைப்படுவது அதுதான். இத்தனை முறை முயன்றால் எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்பதில்லை. பயனர் அதிகபட்சம் முப்பது விநாடி பொறுப்பார், அதற்குள் எத்தனை முறை முயலலாம் என்பதே கேள்வி.

முதல் காத்திருப்பு அரை விநாடி என்போம். சூத்திரத்தைத் திருப்பினால், 30-ஐ 0.5-ஆல் வகுத்து 1 சேர்த்தால் 61. இரண்டின் எந்த அடுக்கு 61-க்குள் அடங்கும்? 32, அதாவது ஐந்தாம் அடுக்கு. ஆக ஐந்து காத்திருப்புகள், மொத்தம் 15.5 விநாடி. ஆறாவதைச் சேர்த்தால் 31.5 ஆகிக் கைமீறிவிடும். காத்திருப்பை மட்டும் பார்த்தால் ஐந்து காத்திருப்பும் ஆறு முயற்சியும் முப்பது விநாடிக்குள் தாராளமாக அடங்குவதுபோலத் தோன்றும். முயற்சிக்கு மூன்று விநாடி வீதம் சேர்த்தால் 15.5 + 18 = 33.5. அடங்கவில்லை.

நேரக்கோட்டிலேயே நடந்து பார்ப்போம். முதல் முயற்சி 3-ஆவது விநாடியில் தோற்கிறது. அரை விநாடி காத்திருப்பு, இரண்டாவது 6.5-இல் தோற்கிறது. ஒரு விநாடி, மூன்றாவது 10.5-இல். இரண்டு விநாடி, நான்காவது 15.5-இல். நான்கு விநாடி, ஐந்தாவது 22.5-இல். அடுத்த காத்திருப்பு எட்டு விநாடி, அது முடியும்போது 30.5. முயலாமலேயே நேரம் போய்விட்டது. மௌனத்தை மட்டுமே சந்தித்தால் முப்பது விநாடியில் ஐந்து முயற்சிகள் என்பதுதான் நிஜம். ஆனால் 22.5-இலேயே கைவிட்டால் ஏழரை விநாடி வீணாகிறது. எட்டு விநாடிக் காத்திருப்பை 4.5 ஆகக் குறைத்தால் 27-இல் எழுந்து, ஆறாவதாக ஒரு முயற்சி செய்து, சரியாக 30-இல் முடிக்கலாம். அந்தக் கடைசி முயற்சி வலையமைப்புக்குப் பாரமும் அல்ல, முந்தையதிலிருந்து நாலரை விநாடி தள்ளித்தான் அது போகிறது.

இதை நிரலில் செய்ய, முயற்சிகளின் எண்ணிக்கையை எண்ணாமல் கெடுவை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இந்த வரிகள் ஓடும்.

```python
left = deadline - time.monotonic()
if left < 3:
    raise TimeoutError
time.sleep(min(d, left - 3))
d *= 2
```

மீதமுள்ள நேரத்தில் ஒரு முயற்சிக்கு வேண்டிய மூன்று விநாடியை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் தூங்குகிறது. `time.time()` இங்கே கூடாது. கணினியின் கடிகாரம் திருத்தப்பட்டால் அது முன்னும் பின்னும் குதிக்கும். `time.monotonic()` அப்படிக் குதிப்பதில்லை. எதிர்முனை மறுப்பை உடனே சொல்லும் நாளில் இதே நிரல் அதே முப்பது விநாடிக்குள் கூடுதல் முயற்சிகளைச் செய்துவிடும். தோல்வி எந்த வகை என்பதைப் பற்றி நிரலர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை.

பல கணினிகள் ஒரே நொடியில் துண்டிக்கப்பட்டால் எல்லாமே 1, 3, 7-ஆவது விநாடிகளில் சேர்ந்தே திரும்பி வரும் என்பதால், காத்திருப்பைக் கொஞ்சம் தற்செயலாக்குவது வழக்கம். பூஜ்யத்திலிருந்து உரிய காத்திருப்பு வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுப்பது ஒரு வழி. அப்போது சராசரி மொத்தம் பாதியாகிவிடும், 127-க்குப் பதில் 63.5. உச்சம் மட்டும் 127-ஆகவே இருக்கும். கெடுவைத் திட்டமிடும்போது பார்க்க வேண்டியது உச்சத்தைத்தான்.

கர்னலின் எண்களை மாற்றவும் முடியும். `tcp_retries2`-ஐ 8 ஆக்கினால் ஒன்பது காத்திருப்பு, 0.2 × 511 = 102.2 விநாடி. குறைந்தது 100 விநாடியாவது முயல வேண்டும் என்று 1989-இன் ஆர்.எஃப்.சி. 1122 பரிந்துரைத்ததைத் தொடும் மிகச் சிறிய மதிப்பு அது. ஆனால் இந்த மாற்றம் அந்தக் கணினியில் ஓடும் எல்லா நிரல்களையும் பாதிக்கும். ஒரு நிரலுக்கு மட்டும் வேண்டுமென்றால் அதன் சாக்கெட்டில் `TCP_USER_TIMEOUT` என்ற விருப்பத்தை மில்லிவிநாடியில் வைப்பது மேல்.

2023-இல் வந்த லினக்ஸ் 6.5, இணைப்பு தொடங்கும் கட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. `tcp_syn_linear_timeouts` என்ற புதிய அமைப்பு, இயல்பு மதிப்பு 4. இரட்டிக்கத் தொடங்கும் முன் நான்கு முறை ஒரே அளவில், ஒரு விநாடிக்கு ஒன்றாக முயலும். ஆப்பிளின் இயங்குதளங்களில் இந்த வழக்கம் முன்பே இருந்தது. வழியில் ஓர் இணைப்பு பழுதாகியிருந்தால், சீக்கிரம் மறுபடி அனுப்புவது வேறு பாதை கிடைக்க உதவும் என்பது காரணம். இப்போது பாக்கெட்டுகள் 0, 1, 2, 3, 4, 5, 7, 11, 19, 35, 67 ஆகிய விநாடிகளில் போகின்றன, 131-இல் கர்னல் கைவிடுகிறது. முதல் ஐந்து விநாடியில் முன்பு மூன்று பாக்கெட் போனது, இப்போது ஆறு போகிறது. இதற்காக மொத்தத்தில் கூடியது நான்கே விநாடி. அதே நான்கு கூடுதல் முயற்சிகளை வரிசையின் மறுமுனையில், 64-க்குப் பிறகு சேர்த்திருந்தால், வழக்கமான 120 விநாடி உச்சவரம்போடுகூட எட்டு நிமிடம் கூடியிருக்கும்.